ஜெராக்ஸ் பாய் கடையும் டெல்லி ஹைகோர்ட்டும்

செமஸ்டர் ஆரம்பிச்ச முதல் வாரம் எந்தக் காலேஜ் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கும் போய்ப் பாருங்க. ஒரே ஒரு புத்தகம் கையில். அதைச் சுற்றி ஏழெட்டு பேர். "பாய், ஃபுல் புக் போட்டுத் தாங்க, ஆறு காப்பி." அவரும் சளைக்காமல் கேட்பார்: "தம்பி, ரெண்டு பக்கத்தைச் சுருக்கி ஒரே பக்கத்துல போட்டுரவா? ஸ்பைரல் வேணுமா?" இது தப்பா இல்லையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நானும் மூணு செமஸ்டர் கேட்காமல்தான் நின்றேன்.

போன மாசம் எங்க வகுப்பில் ஒரு சின்ன விவாதம். ஒரு பக்கம், "திருட்டு திருட்டுதான், அதில் ஏழைத் திருட்டு பணக்காரத் திருட்டு என்று கிடையாது." இன்னொரு பக்கம், "எங்க அப்பா கடலுக்குப் போனாத்தான் அடுப்பு எரியும், நான் ஆயிரம் ரூபாய் புத்தகத்துக்கு எங்கே போறது?" ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் ரெண்டு பேருமே புத்தகம், சாஃப்ட்வேர், படிப்பு, வேலை எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசினார்கள். என் கட்சி என்னவென்றால், மூட்டையைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் சில இடங்களில் மாணவன் பக்கம் நியாயம் இருக்கிறது, சில இடங்களில் சுத்தமாக இல்லை.

முதலில் மாணவன் பக்கம் நியாயம் இருந்த ஒரு வழக்கு.

டெல்லி பல்கலைக்கழகத்தின் பொருளாதாரக் கல்லூரி வளாகத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. பெயர் ராமேஷ்வரி போட்டோகாப்பி சர்வீசஸ். (நம்ம ராமேஸ்வரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை, பெயர்ப் பொருத்தம் மட்டும்தான் :-)) பல்கலைக்கழகமே உரிமம் கொடுத்து நடத்தவிட்ட கடை. ஆசிரியர்கள் பாடத்திட்டத்துக்குத் தேவையான அத்தியாயங்களைப் பல புத்தகங்களிலிருந்து குறித்துக் கொடுப்பார்கள். கடைக்காரர் நூலகத்துப் பிரதியிலிருந்து அவற்றை ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றாகக் கட்டி விற்பார். இதைப் பாடத் தொகுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு யூனிவர்சிட்டி பிரஸ், கேம்பிரிட்ஜ் யூனிவர்சிட்டி பிரஸ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் சேர்ந்து கடை மேலும் பல்கலைக்கழகத்தின் மேலும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. கேட்ட நஷ்டஈடு 60 லட்சம் ரூபாய். ஒரு ஜெராக்ஸ் கடை மேல்! அந்த வருஷம் அக்டோபரிலேயே தொகுப்பு விற்க இடைக்காலத் தடையும் வந்துவிட்டது.

மாணவர்கள் சங்கம் அமைத்துத் தாங்களும் வழக்கில் சேர்ந்துகொண்டார்கள். 300க்கும் மேற்பட்ட கல்வியாளர்கள் வழக்கைக் கைவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, யாருடைய புத்தகங்கள் காப்பி அடிக்கப்பட்டதாகப் பதிப்பகங்கள் பட்டியல் கொடுத்தனவோ, அந்த ஆசிரியர்களில் பலரே அதில் இருந்தார்கள். அமர்த்தியா சென்னும் பதிப்பகத்துக்குத் தன் வருத்தத்தைத் தெரிவித்து எழுதினார்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். அவர் பிடித்துக்கொண்டது 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(i) பிரிவை. (நம்ம ஆட்கள் எல்லாவற்றையும் காப்புரிமை என்கிறோம். அது கண்டுபிடிப்புக்கானது. புத்தகத்துக்கும் சாஃப்ட்வேருக்கும் பதிப்புரிமை.) கற்பிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் பிரதி எடுத்தால் அது மீறல் ஆகாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. 'கற்பிக்கும் போக்கு' என்றால் வகுப்பறையில் வாத்தியார் பேசும் ஒரு மணி நேரம் மட்டுமா? இல்லை, பாடத்திட்டம் போடுவதிலிருந்து மாணவன் பரீட்சைக்குப் படிப்பது வரை எல்லாமே அதில் அடங்கும் என்றார் நீதிபதி. ஒருத்தன் நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டால் தப்பில்லை என்றால், அதையே மெஷின் வேகமாகச் செய்தால் மட்டும் எப்படித் தப்பாகும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். பதிப்புரிமை என்பது கடவுள் கொடுத்த உரிமையோ இயற்கை உரிமையோ இல்லை, மக்களின் அறிவு வளர வேண்டும் என்பதற்காகச் சட்டம் கொடுத்த உரிமை என்றும் சொன்னார். அப்படியென்றால் அந்த நோக்கத்துக்கு எங்கே வரம்பு தேவையோ அங்கே சட்டமே வரம்பும் போடலாம்.

பதிப்பகங்கள் மேல்முறையீடு போயின. 2016 டிசம்பர் 9 அன்று இரண்டு நீதிபதிகள் அமர்வும் ஏறக்குறைய அதையே சொன்னது. எத்தனை பக்கம் என்பது அளவுகோல் இல்லை, கற்பிக்கும் நோக்கத்துக்கு அவ்வளவு தேவையா என்பதுதான் அளவுகோல். இங்கே ஒரு காமர்ஸ் விஷயமும் இருக்கிறது. ஒரு தாளுக்கு இருபது புத்தகத்திலிருந்து இருபது அத்தியாயம் என்றால், தொகுப்பு இல்லாவிட்டால் மாணவன் இருபதையும் வாங்கியிருப்பானா? மாட்டான். நூலகத்துக்குப் போய் எழுதியிருப்பான், அல்லது படிக்காமலே விட்டிருப்பான். நடக்கவே வாய்ப்பில்லாத விற்பனையை நஷ்டக் கணக்கில் எழுத முடியாது. அமர்வு இன்னும் ஒரு படி மேலே போய், படித்தவர்கள் பெருகினால் புத்தகச் சந்தையும் பெருகும் என்றே சொன்னது.

2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன. பிரதி உரிமம் விற்கும் ஒரு அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 மே 9 அன்று அதுவும் தள்ளுபடி.

இதை எங்க வகுப்பில் சொன்னதும் ஒரு நண்பன் விசில் அடித்தான். "அப்போ ஃபுல் புக் ஜெராக்ஸ் லீகல்டா!"

இல்லை. விசிலடித்தவன் கடைசிப் பக்கத்தைப் படிக்கவில்லை. முழுப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை எடுக்கலாமா என்ற கேள்வியை அமர்வு தீர்க்கவில்லை. அதை விசாரித்து முடிவு செய்யச் சொல்லிக் கீழே திருப்பி அனுப்பியது. பதிப்பகங்கள் வாபஸ் வாங்கியதால் அந்த விசாரணை நடக்கவே இல்லை. ஆக, டெல்லித் தீர்ப்பு காப்பாற்றுவது ஆசிரியர் குறித்துக் கொடுத்த பாடப் பகுதிகளை. "பாய், ஃபுல் புக், ஆறு காப்பி"யை அல்ல.

சட்டம் கிடக்கட்டும், நியாயத்தைப் பார்ப்போம். நாம் ஜெராக்ஸ் எடுப்பது ஆக்ஸ்போர்டு புத்தகமா? கிடையாது. பி.காம் முதல் வருஷத்துக்கு ரெட்டி அண்ட் மூர்த்தி மாதிரி இங்கேயே எழுதி, சென்னையிலேயே அச்சடித்து, நம்ம பாடத்திட்டத்துக்கென்றே வரும் புத்தகங்கள். இப்போ ஒரு கணக்குப் போடுவோம். 800 பக்கப் புத்தகம், விலை 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு பக்கத்தைச் சுருக்கி ஒன்றாகப் போட்டால் 400 பக்கம். பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்றால் 400. ஸ்பைரல் 50. மொத்தம் 450.

மிச்சம் எவ்வளவு? ஐம்பது ரூபாய். கடையில் பத்து சதவீதம் தள்ளுபடி கேட்டால் அந்த ஐம்பதும் போச்சு! சீனியரிடம் பழைய பிரதி பாதி விலைக்குக் கிடைத்தால் ஜெராக்ஸைவிட 200 ரூபாய் லாபம். இதில் எழுத்தெல்லாம் எறும்பு சைஸில், பேலன்ஸ் ஷீட்டின் வலது ஓரம் பைண்டிங்கில் மாட்டிக்கொண்டிருக்கும். பணம் இல்லாததால் ஜெராக்ஸ் எடுக்கிறோம் என்கிறோம். ஆனால் பணம் செலவாகிறது. எழுதியவருக்குப் போக வேண்டியது மெஷின் வைத்திருப்பவருக்குப் போகிறது, அவ்வளவுதான். ராயல்டி பத்து சதவீதம் என்று வைத்தாலும் எழுதியவருக்கு ஒரு பிரதிக்கு 50 ரூபாய். வகுப்பில் அறுபது பேர் ஜெராக்ஸ் எடுத்தால் 3000 ரூபாய். ஒரு வகுப்பில் மட்டும்.

டெல்லிக் கணக்கு இங்கே செல்லாது. அங்கே அந்த விற்பனை எப்படியும் நடந்திருக்காது. இங்கே நடந்திருக்கும். தமிழ் மீடியத்தில் பி.காம் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். அவர்களுக்கான புத்தகம் விற்கிற இடம் தமிழ்நாடு மட்டும்தான். முதல் பதிப்பே ஜெராக்ஸில் கரைந்துவிட்டால், பாடத்திட்டம் மாறும்போது திருத்திய பதிப்பு போட எந்தப் பதிப்பாளர் வருவார்? மாட்டிக்கொள்வது நாம் இல்லை, நமக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகள்.

"சரி, வாட்ஸ்அப்ல பிடிஎஃப் வந்தா? அது ஓசிதானே?" என்று கேட்பீர்கள். கையில் உண்மையிலேயே 250 ரூபாய்கூட இல்லாதவன் இருக்கிறான். எனக்குத் தெரியும். அவனைத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவனும் முதலில் பக்கத்தில் திறந்து கிடக்கும் கதவுகளைப் பார்க்க வேண்டும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல், கணக்குப்பதிவியல் புத்தகங்களைத் தமிழக அரசே தமிழிலும் ஆங்கிலத்திலும் பிடிஎஃப்பாக இலவசமாகப் போட்டிருக்கிறது. முதல் செமஸ்டர் அக்கவுண்ட்ஸில் பெரும்பகுதிக்கு அந்த அஸ்திவாரம் போதும். சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் நிறுவனம் தன் சி.ஏ. ஃபவுண்டேஷன் பாடநூல்களை அதன் தளத்திலேயே இலவசமாகக் கொடுக்கிறது. தேய்மானம், பார்ட்னர்ஷிப் எல்லாம் கணக்கும் விடையுமாக அதில் இருக்கின்றன. டிபார்ட்மென்ட் நூலகத்தில் பிரதி இருந்தால் உங்களுக்கு வேண்டிய ரெண்டு அத்தியாயத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுங்கள். அதைத்தான் டெல்லியில் காப்பாற்றினார்கள். இத்தனை கதவும் மூடியிருந்து, அப்போதும் பிடிஎஃப் ஒன்றுதான் வழி என்றால், அவன் மேல் பழி குறைவு என்பேன். பழியே இல்லை என்று சொல்லமாட்டேன். வேலைக்குப் போனதும் அந்தப் புத்தகத்தில் ஒன்றை வாங்கி நூலகத்துக்குக் கொடுத்தால் கணக்கு நேராகும்.

அடுத்து சாஃப்ட்வேர். இங்கேதான் நம்ம ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

புத்தகத்துக்குச் சட்டம் காட்டும் இரக்கம் சாஃப்ட்வேருக்குக் கிடையாது. சொந்தப் படிப்புக்காக நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் 52(1)(a) பிரிவிலேயே 'கணினி நிரல் நீங்கலாக' என்று போட்டிருக்கிறார்கள். சாஃப்ட்வேரைச் சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுக்க அனுமதிக்கும் இன்னொரு பிரிவும், முதலில் உங்களிடம் சட்டப்படி வாங்கிய பிரதி இருக்க வேண்டும் என்கிறது. அதோடு 63B என்று ஒரு பிரிவு. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒருவர் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால், விற்றவர் மட்டுமல்ல, பயன்படுத்தியவரும் குற்றவாளி. குறைந்தது 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகவோ வியாபாரத்திலோ பயன்படுத்தவில்லை என்றால், சிறை இல்லாமல் 50,000 வரை அபராதத்தோடு விடலாம் என்று நீதிமன்றத்துக்கு ஒரு தளர்வு. சட்டமே எங்கே கோடு போடுகிறது பாருங்கள். கற்பதற்கா, சம்பாதிப்பதற்கா?

நம்ம பி.காம் காரர்களுக்கு சாஃப்ட்வேர் என்றால் டேலி. கிராக் பண்ணிய டேலியைப் பென்டிரைவில் வாங்கிவந்து போடாத லேப்டாப் ஏது? ஆனால் கற்றுக்கொள்ள அது தேவையே இல்லை. டேலியை அதன் தளத்திலிருந்து இறக்கி, லைசென்ஸ் இல்லாமல் எஜுகேஷனல் மோடில் திறக்கலாம். பைசா கிடையாது. மேலே EDU என்று காட்டும். கட்டுப்பாடு முக்கியமாக ஒன்று: மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் போட முடியும். கணக்கில் ஜனவரி 15 சரக்கு வாங்கியதாக இருந்தால் ஜனவரி 2 என்று போட வேண்டும். அவ்வளவுதான்! லெட்ஜர் உருவாக்குவது, ஜிஎஸ்டி போடுவது, டிரயல் பேலன்ஸ், பேலன்ஸ் ஷீட் எல்லாம் பழகலாம். தேதி பொய்யாக இருப்பதால் நிஜக் கடையின் கணக்கை அதில் எழுத முடியாது. அதற்காகத்தான் அந்தக் கட்டுப்பாடே. படிக்கிறவனுக்கு இலவசம், பிழைக்கிறவனுக்குக் காசு. எனக்கு இது நியாயமான ஏற்பாடாகத்தான் தெரிகிறது.

கிராக்கில் இன்னொரு ஆபத்து. போடும் முறையைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் வரியே "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணவும்." வீட்டுக்கு வருகிறவன் முதலில் நாயைக் கட்டிப்போடச் சொன்னால் என்ன நினைப்போம்?

"பில் கேட்ஸ் நம்மாலயா ஏழையாகப் போறார்?" இது இன்னொரு பழைய வாதம். உண்மைதான், ஆகமாட்டார். 1998இல் சீனாவைப் பற்றிப் பேசும்போது அவரே சொன்னார்: அவர்கள் எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும், பழகிவிடுவார்கள், பிறகு எப்படியாவது வசூலித்துக்கொள்வோம் என்கிற பொருளில். அதாவது நாம் போடும் திருட்டு விண்டோஸ் அவருக்கு ஓசி விளம்பரம். அதில் தோற்பது லினக்ஸும் லிப்ரே ஆஃபீஸும். 2011இல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காத காக்காமார் எத்தனை பேர் எங்க ஊரில்! பெரிய கம்பெனியைப் பழிவாங்குகிறோம் என்று நினைத்து அதற்கே ஆள் சேர்க்கிறோம்.

கடைசியாக, என்னை இதை எழுத வைத்த விஷயம். எங்க தெரு சீனியர் ஒரு காக்கா, டிகிரி முடித்து ஒரு கருவாட்டு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதப் போயிருக்கிறார். அங்கே கிராக் டேலி. போட்டுக்கொடுத்ததே இவர்தான், காலேஜில் பழகிய அதே பென்டிரைவ். "நீங்க மாட்டிக்கமாட்டீங்களா காக்கா?" என்று கேட்டேன். "நான் சம்பளக்காரன்தானே, முதலாளி பாடு" என்றார். 63B பிரிவை எடுத்துக் காட்டினேன். தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துகிறவர் யார்? கீபோர்டில் கை வைத்திருக்கிறவர். அதுவும் வியாபாரத்தில். மாணவனுக்குக் கிடைக்கக்கூடிய தளர்வு இங்கே கிடையாது. ஏழ்மை என்ற நியாயமும் கிடையாது, ஏனென்றால் கடை லாபத்தில் ஓடுகிறது. லைசென்ஸ் பணம் முதலாளியின் செலவுக் கணக்கில் எழுத வேண்டியது. அதைக் காக்காவின் தலையில் ரிஸ்காக எழுதியிருக்கிறார்கள். அதற்குச் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் இல்லை.

காலேஜில் "நான் ஏழை மாணவன்" என்று சொல்லிப் பழகியது அங்கே போய் நிற்கிறது. பென்டிரைவ் அதேதான். ஆனால் அதைச் செருகியவர் இப்போது மாணவரும் இல்லை, லாபம் அவருக்கும் இல்லை.

ஆக, என் கணக்கு இதுதான். இது கற்பதற்கா, சம்பாதிப்பதற்கா? பக்கத்தில் நேர்வழி திறந்திருக்கிறதா? நான் எடுக்காவிட்டால் அந்த விற்பனை நடந்திருக்குமா? இந்த மூணையும் கேட்டால் ராமேஷ்வரி கடைத் தொகுப்பு பாஸ். நம்ம ஊர்ப் புத்தகத்தின் ஃபுல் புக் ஜெராக்ஸ் ஃபெயில். படிப்புக்கான கிராக் டேலி இரண்டாவது கேள்வியிலேயே ஃபெயில். கடையில் ஓடும் கிராக் டேலி மூணிலும் ஃபெயில்.

காக்கா முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பேசினாரா என்று வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது கேட்க வேண்டும்.

டிஸ்கி: ஜெராக்ஸ் பாய் இதைப் படித்தால் கோவிச்சுக்க வேண்டாம். இந்த செமஸ்டர் ரெண்டு அத்தியாயம் மட்டும் எடுக்க வருவேன், கொஞ்சம் தெளிவாப் போட்டுத் தாங்க :-)